ரிஃப்ரெஷ் டோக்கன் சுழற்சி போட்ட மறுநாள் காலை எல்லாரும் வெளியே: உங்களுக்கும் நடந்ததா?

கோயில்வாடிக்காரன்

மண்டபத்தில் விசைப்படகுகளுக்குக் கணக்கு ஆப் ஒன்று மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறோம். எடை, விலை, ஐஸ், டீசல், பங்கு, அவ்வளவுதான். பழைய ஏற்பாடு உங்களில் பாதிப் பேர் வைத்திருப்பதுதான்: ஒரே ஜேடபிள்யூடி, ஒரு வருட ஆயுள், சர்வரில் எந்தப் பதிவும் கிடையாது. ஒரு டிரைவரின் போன் தொலைந்தபோதுதான் உறைத்தது. அந்த ஒரு டோக்கனை மட்டும் சாகடிக்க வழியில்லை. ரகசியச் சாவியை மாற்றினால் மொத்தப் பேரும் வெளியே.

சரி என்று மாற்றினோம். ஆக்சஸ் டோக்கன் 15 நிமிடம், ரிஃப்ரெஷ் டோக்கன் 30 நாள். ஒருமுறை பயன்படுத்தினால் அது செத்தது, கையில் புதிது வரும். செத்தது மறுபடி வந்தால் திருட்டு என்று எடுத்துக்கொண்டு அந்தப் போனின் டோக்கன் வரிசையே ரத்து.

மறுநாள் விடியற்காலை படகுகள் திரும்புகிற நேரம். நண்டுப் பெட்டி தராசில் இருக்கிறது, ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது. கணக்குப்பிள்ளை பெரியவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாதுகாப்புக் காரணமாக வெளியேற்றப்பட்டீர்கள்" என்று நான் எழுதிய வரிதான். "தம்பி, முப்பது வருசமா கணக்கு எழுதுறேன். இது என்னையத் திருடன்னு சொல்லுது."

அன்று மட்டும் 23 பேர். லாகில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி: ஒரே ரிஃப்ரெஷ் டோக்கன் இரண்டு முறை, ஒரே போன், நடுவில் 10 அல்லது 11 விநாடி. எங்கள் ஆப்பின் டைம்அவுட் 10 விநாடி. அதாவது கோரிக்கை சர்வருக்கு வந்துவிட்டது, நாங்கள் டோக்கனை மாற்றியும் விட்டோம், பதில்தான் கரைக்கு வெளியே ஒற்றைக் கோடு சிக்னலில் தொலைந்தது. ஆப் பழையதையே மறுபடி நீட்டியது. திருடன் யாரும் இல்லை. அந்தப் பெரியவர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

கீழக்கரை நிரல்

காக்கா, இதே பிரச்சினை எனக்கும். ராமேசுவரத்தில் தங்கும் அறை முன்பதிவு ஆப். திறந்ததும் ஐந்து கோரிக்கை ஒன்றாகப் போகும், ஐந்துக்கும் 401 வரும், ஐந்தும் தனித்தனியாக ரிஃப்ரெஷ் கேட்கும். முதலாவது ஜெயிக்கும், மற்ற நான்கும் செத்த டோக்கனோடு போய் ஆளை வெளியே தள்ளும். ஆப்பில் ஒரு பூட்டு போடுங்கள்: ஒருவர் ரிஃப்ரெஷ் செய்யும்போது மற்றவர்கள் காத்திருந்து அதே பதிலை வாங்கிக்கொள்ள வேண்டும். உங்களுக்கும் அதுதான், பந்தயம் வைக்கிறேன்.

கோயில்வாடிக்காரன்

பந்தயம் வேண்டாம் தம்பி, தோற்றுப்போவீர்கள். உங்களுடையதில் இடைவெளி மில்லிவிநாடிக் கணக்கில் இருக்கும். எங்களுடையது டைம்அவுட்டை ஒட்டி வருகிறது. பூட்டு முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

தொண்டி லாத்தா

எனக்கு இது ஒரு பள்ளிக்கூட வேன் ஆப்பில் நடந்தது, கதை பெரிதில்லை. கேட்காமலே நாலு வார்த்தை சொல்கிறேன்.

பலரும் 30 விநாடி சலுகை கொடுக்கச் சொல்வார்கள். பழைய டோக்கன் அதற்குள் திரும்ப வந்தால் மன்னித்துப் புதிது கொடு என்பது. நகரத்தில் போதும். உங்கள் படகு பதிலைத் தவறவிட்ட கையோடு சிக்னலை விட்டு வெளியே போனால், மறுமுயற்சி மறுநாள் காலைதான் வரும். 30 விநாடியை வைத்து என்ன செய்வது?

நான் நேரத்தைப் பார்ப்பதில்லை, வாரிசைப் பார்க்கிறேன். பழைய டோக்கனுக்குப் பதில் நான் கொடுத்த புது டோக்கன் ஒருமுறையாவது என்னிடம் வந்ததா? வரவில்லை என்றால் அது போனுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று கொள்ளலாம். அதை ரத்து செய்துவிட்டு இன்னொன்று கொடுப்பேன். வந்திருந்தால், பழையதை இப்போது நீட்டுவது வேறு ஆள். வரிசை முழுக்க ரத்து. ஹாஷ் மட்டும்தான் சேமிக்கிறோம் என்பதால் அதே டோக்கனைத் திருப்பித் தர முடியாது, இன்னொன்றுதான்.

முதல் படியை இப்படி ஒரே கட்டளையில் வைக்க வேண்டும். முதலில் படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் எழுதினால், நடுவில் இன்னொரு கோரிக்கை நுழைந்துவிடும்:

```
UPDATE refresh_tokens SET used_at = now()
WHERE token_hash = $1 AND used_at IS NULL
  AND revoked_at IS NULL AND expires_at > now()
RETURNING id, family_id;
```

பதிவு ஒன்று திரும்பினால் வாரிசைக் கொடுங்கள். ஒன்றும் திரும்பவில்லை என்றால்தான் ஆயுள் முடிந்ததா, ரத்தானதா, பயன்படுத்தியதா என்று பார்ப்பது. பயன்படுத்தியது என்றால் வாரிசு சோதனை.

கீழக்கரை நிரல்

அப்படியானால் திருடனுக்கும் அதே சலுகைதானே லாத்தா? பதில் தொலைந்த நேரத்தில் பழைய டோக்கன் அவன் கையில் இருந்தால் அவனுக்கும் புதிது கிடைக்கும். 30 விநாடி என்றால் ஜன்னல் சின்னது. உங்களுடையது மணிக்கணக்கில் திறந்திருக்கிறது.

தொண்டி லாத்தா

கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவன் புதியதை ஒருமுறை பயன்படுத்திய பிறகு உண்மையான போன் வந்து பழையதை நீட்டும், அப்போது மணி அடிக்கும். நடுவில் அவன் உள்ளே இருப்பான் என்பது உண்மைதான். அதை ஏற்கிறேனா என்பது ஆப்பைப் பொறுத்தது. வங்கிக் கணக்குக்கு இப்படிச் செய்ய மாட்டேன், நண்டு எடைக்குச் செய்வேன். 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 இத்தகைய ஆப்களுக்கு ரிஃப்ரெஷ் டோக்கனை ஒன்று சுழற்ற வேண்டும், இல்லை கருவியோடு கட்ட வேண்டும் என்கிறது. போனின் சாவியோடு கட்டினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் போய்விடும். எனக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

ராமேசுவரம் விசைப்படகு

தலைப்பைப் பார்த்து மீன்துறை டோக்கன் பற்றி என்று உள்ளே வந்துவிட்டேன். எங்களுக்கும் ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும்போது புதிதாக வாங்க வேண்டும், போன தடவைச் சீட்டு செல்லாது. நீங்கள் பேசுவதில் பாதி புரியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆப்பை யார் திறக்கப் போகிறார்கள்? 30 நாள் ஆயுள் என்றால் ஜூன் 15 அன்று எல்லாருமே வெளியேதானே அண்ணே? வலை ஏற்றுகிற நேரத்தில் ஓடிபி கேட்டால் போனைத் தூக்கிக் கடலில் போடுவோம்.

கோயில்வாடிக்காரன்

இது மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை. 90 நாள் ஆக்கலாம் என்றால் கூட்டாளி ஒத்துக்கொள்ளவில்லை, தொலைந்த போனும் 90 நாள் உயிரோடு இருக்கும் என்கிறான். இப்போது அந்தப் போனின் வரிசையை நாமே ரத்து செய்யலாமே, முன்பு மாதிரி இல்லையே என்று சொல்லிப் பார்த்தேன். தொலைந்ததை எத்தனை பேர் உடனே சொல்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டான். அதற்குப் பதில் இல்லை.

வாரிசு சோதனை நேற்று போட்டேன். இன்று காலை அதே சிக்னலில் வெளியேறியவர்கள் இரண்டு பேர், இருவரும் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டவர்கள்.

தொண்டி லாத்தா

நல்லது. ஒன்று கேட்க மறந்தேன். பழைய ஒரு வருட டோக்கனைக் கொடுத்தால் புது ஜோடி தரும் வழி வைத்திருப்பீர்களே, எல்லாரையும் ஓடிபிக்கு அனுப்பாமல் இருக்க. அது இன்னும் திறந்திருக்கிறதா?

கோயில்வாடிக்காரன்

திறந்திருக்கிறது. அந்த டிரைவரின் தொலைந்த போனில் இருப்பதும் பழைய டோக்கன்தான். இப்போதுதான் லாகில் அவர் கணக்கைத் தேடினேன். போன செவ்வாய் இரவு 11:40-க்கு யாரோ அதைக் கொடுத்துப் புது ஜோடி வாங்கியிருக்கிறார்கள். டிரைவரிடம் புதுப் போன் இன்னும் இல்லை.

வரிசையை ரத்து செய்துவிட்டேன். அவர் கணக்கில், போன் தொலைந்த தேதிக்கு முந்தைய `iat` உள்ள எதையும் மாற்றித் தராதபடி ஒரு வரி சேர்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் மாறிய எடைகளை இனி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதற்கு அந்தப் பெரியவரின் கைநோட்டைத்தான் கேட்டாக வேண்டும்.