புதுப்பிப்பு: படிப்பகத்தின் சின்னம், 16 பிக்சலில்

நான் முன்பு கேட்டது: “512 பிக்சலில் அழகாக இருக்கும் எங்கள் சின்னம், உலாவித் தாவலில் ஏன் வெளிறிய பச்சைக் கறையாகிவிடுகிறது?”

எழுத்துரு வடிவமைக்கும் ஐயா ஒருவர் சொன்ன கணக்கு கண்ணைத் திறந்தது. பெரிய படத்தில் 8 பிக்சல் தடிமன் கொண்ட வட்டக்கோடு, 16 பிக்சலுக்குச் சுருங்கும்போது கால் பிக்சலாகிறது. கால் பிக்சலைத் திரையால் காட்ட முடியாததால், கோடு விழும் பிக்சல் கட்டம் முழுவதும் கால்பங்கு பச்சையும் முக்கால்பங்கு வெள்ளையும் கலந்த நிறத்தைப் பெறுகிறது. வட்டத்தைச் சுற்றியிருந்த பெயரும் புத்தகத்தின் பக்கக்கோடுகளும் அப்படியே கரைந்தன.

படத்தைப் பிக்சல்களாக அல்லாமல் கோடுகளின் வடிவமாகச் சேமிக்கும் எஸ்.வி.ஜி. கோப்பாக மாற்றினால் போதும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பெரிதாக்கும்போது அது உண்மைதான். ஆனால் தாவலில் இருப்பவை அதே 16 கட்டங்கள் என்பதால், மாற்றிய பின்னும் கறை கறையாகவே இருந்தது. அச்சில் தம் சின்னம் மங்குவதாகச் சொன்ன அக்காவின் சிக்கல் இதற்கு நேரெதிரானது, சிறிய படத்தைப் பெரிதாக்கியதால் வந்தது.

இறுதியில் சுருக்குவதை விட்டுவிட்டு, 16 கட்டத் தாளில் ‘ப’ என்ற எழுத்தை மட்டும் புதிதாக வரைந்தேன். இரு தூண்களும் மும்மூன்று பிக்சல், இடைவெளி ஆறு, இருபுறமும் இரண்டிரண்டு; விளிம்புகள் கட்டக்கோட்டிலேயே நிற்பதால் கலப்பு நிறமே இல்லை. புத்தகம் போனதில் எனக்கு வருத்தம்தான். அதை 32 பிக்சல் வடிவத்திலாவது சேர்க்கலாமா என்பதில் ஐயாவும் நானும் இன்னும் உடன்படவில்லை.