மொட்டை மாடி: கணக்கில் 61 டிகிரி, கருவியில் 52. எங்கே தப்பு?

வெயில்கணக்கு: சோல்-ஏர் வெப்பநிலை போட்டால் 61 வருகிறது. மாடியில் போய் துப்பாக்கி தெர்மாமீட்டரைக் காட்டினால் 52தான். சூத்திரமே தப்பா? நாளைக்கு அறிக்கை கொடுக்கணும்.

செங்கல்: எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? தளம் என்ன நிறம், எவ்வளவு கனம்? வெயில் எவ்வளவு என்று எடுத்துக்கொண்டீர்கள்?

பழையபதிவர்: இதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது! கருவியில் உமிழ்வு எண்ணைச் சரியாக வைக்கத் தெரியாதவர்கள் எல்லாம் அளக்கக் கிளம்பிவிடுகிறார்கள். தப்பு அங்கேதான்.

வெயில்கணக்கு: மன்னிக்கவும். பகல் 1 மணி, வெறும் கான்கிரீட், 15 செ.மீ. உமிழ்வு எண் 0.95. காற்று 36 டிகிரி, வெயில் சதுர மீட்டருக்கு 900 வாட், அதில் தளம் உறிஞ்சும் பங்கு 0.65, தளத்துக்கும் காற்றுக்கும் இடையே வெப்பம் மாறும் எண் 20.

```
36 + (0.65 × 900 / 20) − 4 = 61.25
```

ஓட்டுக்கூரை: கடைசி 4 எதற்கு?

செங்கல்: தளம் வானத்தைப் பார்த்து வெப்பத்தை உமிழ்கிறதே, அந்தக் கழிவு. தெளிந்த வானத்துக்குத்தான் 4. மேகம் மூடினால் ஏறக்குறைய பூஜ்யம்.

பழையபதிவரே, கான்கிரீட்டில் உமிழ்வு எண்ணால் ஓரிரு டிகிரி தப்பலாம், 9 தப்பாது. கணக்கும் சரி, கருவியும் சரி. 61 என்பது தளத்தின் சூடே இல்லை. வெயிலே இல்லாமல் காற்று மட்டும் 61 டிகிரியில் வீசினால் தளத்துக்குள் எவ்வளவு வெப்பம் போகுமோ, அவ்வளவுதான் இப்போது போகிறது என்று அர்த்தம். உள்ளே துளிகூடப் போகாத தளமாக இருந்தால்தான் மேற்பரப்பு 61ஐத் தொடும்.

உங்கள் 9 டிகிரி வித்தியாசத்தை 20ஆல் பெருக்குங்கள். சதுர மீட்டருக்கு 180 வாட் உள்ளே இறங்குகிறது. அறை 30 டிகிரி, கூரை வெப்பத்தைக் கடத்தும் எண்ணான U 3.3 என்று நிலையான கணக்குப் போட்டால் 100 சொச்சம்தான் வரும். மிச்சத்தைத் தளம் விழுங்கி வைத்துக்கொள்கிறது. இந்தக் கனத்துக்கு அது கீழே வந்து சேர நாலைந்து மணி நேரம் ஆகும். அதனால் 1 மணி எண்ணை 1 மணிக்கே அறையின் சுமையாக எழுதிவிடாதீர்கள்.

ஓட்டுக்கூரை: அதுதானா! இரவு எட்டு மணிக்கு மாடியில் காற்று ஜிலுஜிலு, கீழே கூரையைத் தொட்டால் கதகதப்பு. விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது.

வெயில்கணக்கு: சுண்ணாம்பு அடித்தால்?

செங்கல்: 0.65 இருக்கும் இடத்தில் 0.3 போடுங்கள், 45.5 வரும். நிலையான கணக்கில் 100 வாட் பாதியாகிவிடும். ஆனால் தூசி படிந்து 0.5 ஆனால் 54.5. லாபத்தில் பாதிக்கு மேல் போச்சு. அறிக்கையில் புதுச் சுண்ணாம்பின் எண்ணை மட்டும் எழுதி ஏமாறாதீர்கள்.

பழையபதிவர்: அலுமினிய பெயின்ட்தான் நல்லது. பளபளப்பு அதிகம்.

செங்கல்: வெயிலைத் திருப்பும், சரி. ஆனால் தன் சூட்டை உமிழ்வதில் கஞ்சம். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தாலும் உமிழ்வு 0.9 அளவு, இரவில் நன்றாக ஆறும்.

பழையபதிவர்: வெள்ளை எதையும் உமிழாது. என் அனுபவம் பேசுகிறது.

ஓட்டுக்கூரை: இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பூசிப் பாருங்களேன்.

வெயில்கணக்கு: 45.5 போட்டேன், பக்கத்தில் 54.5உம். நேரத் தாமதத்துக்கு ஒரு வரி சேர்த்தேன். நன்றி.