கோ-லைவ் முடிந்து 29-ஆம் நாள்: உங்கள் ஹைப்பர்கேர் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை ஐ.டி.
எங்களுடையது பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை. பழைய மென்பொருளிலிருந்து எஸ்.ஏ.பி.க்கு மாறினோம். ஜூலை 1 கோ-லைவ், அதாவது புது மென்பொருளில் வேலை தொடங்கிய நாள். அதன்பின் கன்சல்டன்ட்டுகள் கூடவே இருந்து பிரச்சினைகளைத் தீர்க்கும் ஹைப்பர்கேர் நான்கு வாரம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஜூலை 28 அன்று திறந்திருந்த டிக்கெட், அதாவது பதிவாகி இன்னும் தீராத புகார், ஆறுதான், எதுவும் பெரியதில்லை. கன்சல்டன்ட்டுகள் கிளம்பினார்கள், நாங்களும் நிம்மதியாக வழியனுப்பி வைத்தோம்.

ஜூலை மாதக் கணக்கை முடிக்க ஆகஸ்ட் முதல் வாரத்தில் உட்கார்ந்தபோது, ஒரு பம்ப் வரிசையின் லாபம் நம்ப முடியாத அளவுக்குக் கூடியிருந்தது. காரணத்தைத் தேட நான்கு நாள் ஆனது.

வார்ப்புகளை நாங்கள் கிலோவில் வாங்குகிறோம், இருப்பில் எண்ணிக்கையாக வைக்கிறோம். ஒரு வார்ப்பு 4.2 கிலோ. பொருள்களின் அடிப்படை விவரமான மாஸ்டர் டேட்டாவை ஏற்றியவர்கள் அதை 2.4 என்று பதிந்துவிட்டார்கள். 420 கிலோ வந்து இறங்கினால் கையில் இருப்பது 100 வார்ப்பு, சிஸ்டத்தில் 175. கிலோ 90 ரூபாய் என்றால் மொத்தம் 37,800 ரூபாய். அதை 175-ஆல் வகுத்ததால் 378 ரூபாய் வார்ப்பு 216 ரூபாயாகத் தெரிந்தது. அந்த 100 வார்ப்பும் பம்ப்பாகிப் போன பிறகும் சிஸ்டத்தில் 75 வார்ப்பு, 16,200 ரூபாய் மதிப்பில் உட்கார்ந்திருந்தது. பம்ப்பின் அடக்கவிலை குறைந்து, இல்லாத சரக்கு இருப்பில் ஏறிக்கொண்டே போனது. அதே இருப்பை வைத்துத்தான் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கிறோம்.

28 நாளில் இதற்கு ஒரு டிக்கெட்கூட வரவில்லை. தவறு மறுபக்கமாக இருந்திருந்தால், அதாவது சிஸ்டத்தில் இருப்பு குறைவாகத் தெரிந்திருந்தால், முதல் நாளே சரக்கு போதவில்லை என்று திரையில் பிழை வந்து லைன் நின்றிருக்கும். கூடுதலாகத் தெரிந்ததால் யாருக்கும் இடையூறு இல்லை. மாதக் கணக்கில்தான் வெளியே வந்தது. அப்போது ஆட்கள் இல்லை. எண்ணிப் பார்த்து, வித்தியாசத்தைப் பதிந்து, `MR21`-இல் விலையைத் திருத்தி முடிக்க இன்னும் ஒன்பது நாள்.

மாதம் முதல் தேதி கோ-லைவ் வைத்து நான்கு வாரம் என்று எழுதினால், முதல் மாதக் கணக்கு முடிவதற்குள் ஹைப்பர்கேர் முடிந்துவிடும். இது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஸ்டோர்ஸ் ராமநாடு
நான் ஸ்டோர்ஸ் ஆள், வேறு கம்பெனி. எங்களுக்கு முதல் வாரம்தான் கஷ்டம். கேட்டில் ஏழு லாரி நிற்கிறது, சரக்கு வரவைப் பதிய `MIGO` போட்டால் அனுமதி இல்லை என்கிறது. நோட்டில் எழுதிக்கொண்டு சரக்கை இறக்கினோம். பிரச்சினை வந்தால் கன்சல்டன்ட் தம்பிக்கு நேராக வாட்ஸ்அப் போட்டுவிடுவேன், பத்து நிமிடத்தில் சரியாகும். தங்கமான பையன். அவன் போன பிறகுதான் தெரிந்தது, அவன் எனக்குச் செய்து கொடுத்த எதுவும் எங்கேயும் பதிவாகவில்லை என்று. அடுத்து வந்தவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

கோவை ஐ.டி.
அண்ணா, எங்கள் ஆறு டிக்கெட் கணக்கும் அப்படித்தான். பாதி வாட்ஸ்அப்பில் ஓடியிருக்கிறது. டிசம்பரில் இரண்டாவது யூனிட்டையும் எஸ்.ஏ.பி.க்கு மாற்றியபோது, ஸ்டோர்ஸிலும் டிஸ்பாட்சிலும் தலா ஒரு பெண்ணை உட்கார வைத்தோம். தொழிலாளி வாயால் சொன்னால் போதும், டிக்கெட்டை அவர்கள் போடுவார்கள். எண் இல்லாத வேலையைக் கன்சல்டன்ட் தொடக்கூடாது. லாரி நிற்கும்போது படிவம் நிரப்பு என்று ஸ்டோர்ஸ்காரரிடம் சொல்வது நியாயமில்லை.

புராஜெக்ட் மேனேஜர், சென்னை
இவ்வளவு சுற்றத் தேவையில்லை. தினமும் வரும் டிக்கெட் எண்ணிக்கையை வரைபடமாகப் போடுங்கள். கோடு சரிந்து ஒரு வாரம் தட்டையாக இருந்தால் வெளியேறலாம். நான் ஐந்து புராஜெக்ட்டில் அப்படித்தான் செய்தேன்.

நிதிப்பிரிவு கன்சல்டன்ட்
எண்ணிக்கை தேவைதான், அது மட்டும் போதாது சார். மேலே சொன்ன வார்ப்புக் கதையில் கோடு அழகாகத்தான் சரிந்திருக்கும். ஆட்கள் சலித்துப்போய் எக்ஸெல்லுக்குத் திரும்பினாலும் கோடு சரியும். நான் இன்னொன்றைப் பார்ப்பேன்: மூடிய டிக்கெட்டை யார் மூடினார்கள்? பத்தில் எட்டைக் கம்பெனியின் சொந்த ஆட்களே மூடியிருந்தால்தான் நான் கிளம்பலாம். நானே மூடிக்கொண்டிருந்தால், நான் போன மறுநாள் கோடு ஏறும்.

வரிசைப்படுத்துவதில் நான் கற்றது: “அவசரம்” என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் அவரவர் வேலை அவசரம். மூன்று கேள்விதான். லாரி வெளியே போகுமா? லைன் ஓடுமா? சம்பளம், ஜி.எஸ்.டி. போன்ற தேதி தவறுமா? இதில் ஒன்று மாட்டி, மாற்று வழியும் இல்லையென்றால் அது முதல் நிலை. இ-இன்வாய்ஸ் எண் வராமல் பில் நிற்பது முதல் நிலை. அறிக்கையில் நெடுவரிசை இடம் மாறியிருப்பது, கேட்டவர் எம்.டி.யாக இருந்தாலும், நான்காம் நிலை. காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இருபது நிமிடம் கூடுவோம். நிலையை முடிவு செய்பவர் ஒருவர், அவர் கம்பெனி ஆளாக இருக்க வேண்டும்.

புதியவன்
ஒரு சந்தேகம். எங்கள் ஒப்பந்தத்தில் ஆறு மாத வாரண்டி இருக்கிறது. அப்புறம் ஹைப்பர்கேர் தனியாக எதற்கு?

நிதிப்பிரிவு கன்சல்டன்ட்
வாரண்டியில் அவர்கள் கட்டியதில் உள்ள பிழையைத் திருத்துவார்கள். 2.4 போலக் கம்பெனி ஆள் தவறாகக் கொடுத்த தரவு அதில் வராது. பயனருக்குப் புரியவில்லை என்பதும் வராது. முதல் மாதம் வருவதில் பெரும்பகுதி இந்த இரண்டும்தான்.

மதுரை, மருத்துவமனை நிர்வாகம்
எங்களுக்கு மாதக் கணக்கு முக்கியமில்லை, இரவுதான். பில்லிங் மென்பொருள் மாற்றியபோது ஆதரவு ஆட்களைக் காலை 9 முதல் இரவு 9 வரை போட்டார்கள். இரவில் விபத்து நோயாளியைச் சேர்க்கும்போது, பழைய நோயாளி எண்ணைத் தேடத் தெரியாமல் புது எண் போட்டிருக்கிறார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு. பழைய பதிவிலிருந்த மருந்து ஒவ்வாமைக் குறிப்பு புதியதில் இல்லை. ஒரு நர்ஸ் நோயாளியின் முகம் நினைவிருந்ததால் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து இரவு ஷிப்டில் ஒருவர் நின்றார். அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கோவை ஐ.டி.
படிக்கவே பதறுகிறது, அம்மா.

இரண்டாவது யூனிட்டில் நாங்கள் வைத்த விதியைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் எட்டு கன்சல்டன்ட்டுகள், அடுத்த இரண்டு வாரம் நான்கு பேர். அதன்பின் முதல் மாதக் கணக்கு முடியும்வரை நிதிக்கு ஒருவர், ஸ்டோர்ஸுக்கு ஒருவர். கணக்கை எங்கள் ஆட்களே முடிக்க வேண்டும், அவர்கள் பக்கத்தில் இருந்தாலும் கீபோர்டைத் தொடக்கூடாது. முதல் நிலைப் பிரச்சினை இல்லாமல் தொடர்ந்து பத்து வேலைநாள் போக வேண்டும். இடையில் ஒன்று வந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. மேலே சொன்ன பத்துக்கு எட்டும் உண்டு. இத்துடன் தினமும் மதிப்புமிக்க இருபது பொருளைக் கையால் எண்ணி சிஸ்டத்தோடு ஒப்பிட்டோம். மூன்றாம் நாளே இன்னொரு கிலோ-எண்ணிக்கைத் தவறு சிக்கியது, அதற்கும் டிக்கெட் வந்திருக்கவில்லை.

எட்டாவது வேலைநாளில் இ-வே பில் நின்று, எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போனது. அரசுத் தளம்தான் அன்று இரண்டு மணி நேரம் வேலை செய்யவில்லை, எங்கள் தவறில்லை, எண்ணாதீர்கள் என்றார்கள் கன்சல்டன்ட்டுகள். நான் எண்ணினேன். லாரி நின்றது நின்றதுதான் என்று அப்போது தோன்றியது.

புராஜெக்ட் மேனேஜர், சென்னை
அதை எண்ணியது தப்பு. இன்னும் பத்து நாள் இருந்தாலும் அரசுத் தளத்தை அவர்கள் சரிசெய்ய முடியாது. அந்த நாட்களுக்குப் பணம் கொடுத்தது யார்?

கோவை ஐ.டி.
நீட்டிப்புக்கென்று முன்கூட்டியே 40 ஆள்-நாள் வாங்கி வைத்திருந்தோம், அதிலிருந்து கழித்தோம். தளம் நிற்கும்போது என்ன செய்வது என்று எங்கள் டிஸ்பாட்ச் ஆட்களுக்கும் அன்று தெரியவில்லை, அதனால்தான் எண்ணினேன். ஆனாலும் நீங்கள் கேட்பது சரிதான் என்று சில நாள் தோன்றுகிறது. மூன்றாவது யூனிட் வரும் ஏப்ரலில். வெளியிலிருந்து வரும் தடங்கலை எண்ணலாமா என்று ஒப்பந்தத்தில் இன்னும் எழுதவில்லை. எழுதியவர்கள் இருந்தால் எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.

ஸ்டோர்ஸ் ராமநாடு
தம்பி, ஏப்ரல் முதல் தேதி வேண்டாம். ஆண்டு இறுதி ஸ்டாக் எடுப்பும் அப்போதுதான் வரும், ஸ்டோர்ஸில் ஆள் இருக்காது.