லாகர் கடிகாரம் யூடிசியில் ஏன்: அரை மணியும் கால் மணியும் படுத்தும் பாடு

மலைமழை:
இந்தியாவிலும் நேபாளத்திலும் உள்ள மழைமானித் தரவுகளை ஒன்றாகச் சேர்க்கும்போது எதிர்ப்பட்ட சிக்கல்களை எழுதுங்கள். நான் மழையிலிருந்து தொடங்குகிறேன், சேதம் அதிகம் அதில்தான்.

இந்திய நேரம் உலகப் பொது நேரமான யூடிசியைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே ஓடுகிறது. நேபாள நேரம் 5 மணி 45 நிமிடம் முன்னே. இரண்டுமே முழு மணிக் கணக்கில் இல்லை. உள்ளூர் நேரத்தில் பதிந்தாலும் பிறகு கழித்துக்கொள்ளலாம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு நிமிடமும் பதிவாகியிருந்தால் கழிக்கலாம். தரவைப் பதியும் கருவியான லாகரே மணிக்கூட்டுத்தொகை போட்டுச் சேமித்திருந்தால் முடியாது.

ஒரு பெருமழை யூடிசி 10:05-க்குத் தொடங்கி 10:25-க்கு நின்றது, 20 நிமிடத்தில் 12 மி.மீ. சீராகப் பெய்தது என்று வைத்துக்கொள்வோம். இந்திய நேரத்தில் அது 15:35 முதல் 15:55 வரை. ஆகவே 16:00-க்கு முடியும் மணிக்குள் 12 மி.மீ. முழுவதும் விழுந்துவிடும். நேபாள நேரத்தில் அதே மழை 15:50 முதல் 16:10 வரை. 16:00 என்ற கோடு நடுவில் வெட்டுவதால் முந்தைய மணிக்கு 6, அடுத்த மணிக்கு 6. மழை ஒன்றுதான், ஆனால் ஒரு தாளில் மணிக்கு 12 மி.மீ. பெய்த கனமழை, இன்னொரு தாளில் 6 மி.மீ. மழை. வெள்ளக் கணக்குக்கு உச்ச அளவை எடுப்பவருக்கு இது பாதிக்குப் பாதி பிழை.

யூடிசிக்கு மாற்றிப் பார்த்தாலும் தேறாது. இந்தியத் தாளில் 16:00 என்று இருப்பது யூடிசி 09:30 முதல் 10:30 வரையிலான மழை. அதை 10:00-க்கும் 11:00-க்கும் பாதி பாதியாகப் பிரித்தால் 6, 6 வரும். உண்மையில் 10:00-க்கு முடிந்த மணியில் மழையே இல்லை, அடுத்த மணியில் 12. கூட்டியதைப் பிரிக்க எந்தச் சூத்திரமும் கிடையாது.

தவளைக்காது:
ஒலிப்பதிவிகளில் இந்தத் தொல்லை குறைவு. ஆடியோமாத் கோப்பின் பெயரிலேயே தேதியும் நேரமும் வந்துவிடும், `20240112_003000.WAV` என்பது போல. இயல்பாக அது யூடிசிதான். அமைக்கும் செயலியில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் வசதி இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். தவளைச் சத்தத்தையும் மழையையும் ஒப்பிடும்போது 30 நிமிடம் தள்ளிப்போனால் மழைக்கு முன்பே கூப்பிட்டதா, மழை விட்டபின் கூப்பிட்டதா என்ற கேள்விக்கே விடை மாறிவிடும்.

களத்துமேடு:
எங்கள் நிலையத்தில் திரை இருக்கிறது. ஊர்க்காரர்கள் வந்து நேரமும் வெப்பமும் பார்த்துவிட்டுப் போவார்கள். காலை 9 மணிக்கு 3:30 என்று காட்டினால் நிலையம் கெட்டுப்போச்சு என்பார்கள். செயற்கைக்கோள் வழியாக அனுப்பினால்தானே யூடிசி தேவை? எங்களுடையது அட்டையில் சேமித்து நாங்களே எடுப்பது.

மலைமழை:
செயற்கைக்கோளுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஐயா. அட்டையில் சேமித்தாலும் அந்தத் தாள் ஒருநாள் இன்னொருவர் தாளோடு சேரும், அதற்காகத்தான். திரையில் உள்ளூர் நேரம் காட்டுங்கள், அட்டவணையில் யூடிசி எழுதுங்கள். நிரலில் திரைக்கு மட்டும் 19,800 வினாடி கூட்டினால் போதும். நீங்கள் காலை 8:30-க்கு மழை அளக்கிறீர்கள் இல்லையா? அந்த அரை மணி தற்செயலாக வந்ததல்ல. இந்திய நேரம் 8:30 என்பது யூடிசி 03:00. உலகம் முழுக்க வானிலைக்காரர்கள் மூன்று மணிக்கு ஒருமுறை ஒரே நொடியில் பார்க்கும் வரிசையில் அது ஒன்று.

புள்ளிவிவரம்:
அப்படியானால் எல்லாவற்றையும் யூடிசியில் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. நாள்வாரி உச்சம், தாழ்வு எல்லாம் யூடிசி நாளுக்கே எடுத்துவிடலாம். ஈரா5 போன்ற உலகளாவிய மணிவாரி வானிலைத் தரவும் யூடிசியில்தான் வருகிறது, நேராகப் பொருந்திவிடும்.

உறைபனி:
முதல் பாதி சரி, இரண்டாம் பாதி ஆபத்து. யூடிசி நள்ளிரவு நமக்கு விடிகாலை 5:30. நீலகிரியில் ஜனவரியில் வெப்பம் மிகத் தாழ்வது சூரியன் எழும் நேரத்தை ஒட்டி, அதாவது ஆறு, ஆறரை மணிக்கு. யூடிசி நாளை வெட்டும் கோடு மிகக் குளிர்ந்த நேரத்தின் நடுவிலேயே விழுகிறது.

உதாரணத்துக்கு எண்கள்: 11-ஆம் தேதி விடியலில் தாழ்வு 7.1 டிகிரி. 12-ஆம் தேதி விடியல் கடுங்குளிர், 5:29-க்கு 2.0, 6:25-க்கு 0.9. உள்ளூர் நாளுக்கு எடுத்தால் 11-க்கு 7.1, 12-க்கு 0.9. யூடிசி நாளுக்கு எடுத்தால் 11-ஆம் நாள் என்பது நம்முடைய 11 காலை 5:30 முதல் 12 காலை 5:30 வரை. அதற்குள் அந்த 2.0 வந்து விழுகிறது. ஆகவே 11-க்கு 2.0, 12-க்கு 0.9 என்று வரும். ஒரே குளிர் விடியல் இரண்டு குளிர்நாட்களாக எண்ணப்படும். உறைபனி நாட்களின் எண்ணிக்கையைத் தேடுபவருக்கு இது நேரடியான பொய்.

அதனால் பதிவது யூடிசியில், நாள்கணக்கு எடுப்பது எந்த நாள் என்று எழுதிவைத்து உள்ளூர் நாளில். நுண்ணிய பதிவு கையில் இருந்தால் எந்த நாளுக்கும் எடுக்கலாம்.

கோபுரக்காரர்:
கார்பன் ஓட்டம் அளக்கும் கோபுரக்காரர்கள் யூடிசி கேட்பதே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர்களின் உலக வலையமைப்பான ஃப்ளக்ஸ்நெட் கேட்பது உள்ளூர் நிலை நேரம், கோடைக்கால மாற்றம் எதுவும் இல்லாமல். ஒளிச்சேர்க்கை சூரியனைப் பின்தொடர்வதால் அவர்களுக்கு அதுதான் வசதி. ஒவ்வோர் அரை மணிக்கும் தொடக்கம், முடிவு என்று `TIMESTAMP_START`, `TIMESTAMP_END` இரண்டையும் எழுதச் சொல்கிறார்கள். யூடிசிதான் ஒரே வழி என்று நான் ஏற்கமாட்டேன். மாறாத ஒரே நேரம், அது எது என்று கோப்பிலேயே எழுத்தில், இவை இரண்டும் இருந்தால் போதும்.

மலைமழை:
ஒரே நிலையத்துக்கு உங்கள் பேச்சு சரி, அண்ணா. பத்து நிலையம் பத்து மண்டலத்தில் இருந்தால் எழுத்தை நம்பியே இருக்கவேண்டும், அந்த எழுத்துதான் முதலில் தொலைகிறது. இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 மே மாதம் 6:30-க்கும், அதே ஆண்டு அக்டோபரில் 6:00-க்கும், 2006 ஏப்ரலில் மீண்டும் 5:30-க்கும் கடிகாரம் மாறியது. உள்ளூர் நேரம் என்று மட்டும் எழுதிய பழைய தாளை இன்றைய 5:30 கொண்டு கழித்தால் பத்தாண்டுத் தரவு அரை மணி தள்ளிப்போகும். கணினியில் `Asia/Colombo` என்று மண்டலப் பெயர் கொடுத்தால் இந்த மாற்றங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

```
t = pd.to_datetime(df["TIMESTAMP"])
t = t.dt.tz_localize("Asia/Colombo", ambiguous="NaT",
                     nonexistent="NaT")
df["timestamp_utc"] = t.dt.tz_convert("UTC")
```

கடிகாரம் பின்னே போன இரவின் அரை மணி இரண்டு முறை வரும். முன்னே போனபோது விடுபட்ட ஒரு மணி வரவே வராது. அந்த வரிகளில் நேரம் இல்லை என்று பொருள்படும் `NaT` வரும், கையால்தான் பார்க்கவேண்டும். லாகரின் கடிகாரத்தை அந்த நாளிலேயே யாராவது திருப்பினார்களா என்பது வேறு கேள்வி, அதைக் குறிப்பேட்டில்தான் தேடவேண்டும்.

திருகாணி:
களத்தில் எங்கே தவறுகிறது என்று சொல்கிறேன். பெரும்பாலான சிறிய லாகர்கள் மடிக்கணினியின் நேரத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். எல்லையைத் தாண்டியதும் மடிக்கணினி தானாக மண்டலம் மாற்றிக்கொண்டால் அன்று தொட்ட லாகர்கள் எல்லாம் 15 நிமிடம் பிசகும். லாகரைத் தொடும் மடிக்கணினி எப்போதும் யூடிசியில் இருக்கட்டும். விண்டோஸில் இப்படி:

```
tzutil /s "UTC"
```

பட்டியலில் தேடி லண்டனைத் தேர்ந்தெடுக்காதீர்கள். `GMT Standard Time` என்று பெயர் இருந்தாலும் அது கோடையில் ஒரு மணி முன்னே போகும்.

ஏற்கெனவே ஓடும் நிலையத்தை மாற்றுவதென்றால் முதலில் தரவு முழுவதையும் எடுங்கள், பிறகு கடிகாரம், பிறகு புதிய கோப்பு. இந்திய நேரத்திலிருந்து யூடிசிக்குப் போவது 330 நிமிடம் பின்னே போவது. பத்து நிமிடப் பதிவில் 33 வரிகளின் நேரம் இரண்டாம் முறை வரும். கேம்ப்பெல் லாகர்களில் `RECORD` எண் நிற்காமல் ஏறுவதால் எந்த வரி முதல் புதிய நேரம் என்று அந்த எண்ணையே குறித்துவைக்கலாம்.

இடைவெளியையும் பாருங்கள். நேபாளத்தின் 345 நிமிடம் பத்தால் வகுபடாது. உள்ளூர் நேரத்தில் பத்து நிமிடமாகப் பதிந்தால் யூடிசியில் 5, 15, 25 என்று விழும், மற்றவர்களின் 0, 10, 20-உடன் சேராது. 5 அல்லது 15 சேரும். மழைக்கு மானியின் வாளி சாயும் ஒவ்வொரு சாய்வின் நேரத்தையும் தனித்தனியாகப் பதிவது எல்லாவற்றிலும் நல்லது.

வெயில்மானி:
நேரம் எது என்று எழுதாத தாள் வந்தால் சூரிய ஒளிப் பத்தியைப் பாருங்கள். மேகமில்லாத நாள் ஒன்றை எடுத்து, காலையில் ஏறும் பக்கமும் மாலையில் இறங்கும் பக்கமும் ஒரே அளவைத் தொடும் இரண்டு நேரங்களின் நடுவைக் கணக்கிடுங்கள். அது சூரிய உச்சி. உதகையின் நெடுவரை சுமார் 76.7 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 307 நிமிடம். 12:00-இலிருந்து கழித்தால் யூடிசி 06:53. நவம்பர் தொடக்கத்தில் 06:37 வரை முந்தும், பிப்ரவரி நடுவில் 07:07 வரை பிந்தும். உங்கள் தாளில் அது 12:20 வாக்கில் வந்தால் இந்திய நேரத்தில் பதிந்திருக்கிறார்கள்.

மலையில் ஒரு பக்கச் சிகரம் மறைத்தாலோ மானி சற்றுச் சாய்ந்திருந்தாலோ நடு நகரும். அரை மணிப் பிழையைத் துணிந்து சொல்லலாம், கால் மணியை இதை வைத்து மட்டும் சொல்லமாட்டேன்.

எல்லைமலை:
கால் மணிதான் என் பிரச்சினை. நேபாளத்துத் தாள் ஒன்று, 30 நிமிடச் சராசரி, தலைப்பில் நேரம் பற்றி ஒன்றுமில்லை. வளைவு சரியாக 15 நிமிடம் நகர்ந்திருக்கிறது. இந்திய நேரத்தில் வைத்த லாகரா? அல்லது சராசரியின் நேரமுத்திரை முடிவில் இருப்பதை நான் நடு என்று எடுத்துக்கொண்டதா? அரை மணிச் சராசரியில் அதுவும் 15 நிமிடம்தான்.

வெயில்மானி:
உச்ச அளவுடன் அது எப்போது வந்தது என்ற பத்தி இருக்கிறதா? முத்திரை 12:30, உச்சம் 12:11 என்றால் முத்திரை இடைவெளியின் முடிவு. உச்சம் 12:41 என்றால் தொடக்கம். முத்திரை தெளிவானால் மீதியுள்ள நகர்வு மண்டலத்துடையது. முடிவு என்று வந்தால் நகர்வின் திசையைப் பாருங்கள். முடிவு முத்திரை வளைவைப் பிந்தவைக்கும், இந்திய நேரம் நேபாளத்தில் வளைவை முந்தவைக்கும்.

எல்லைமலை:
அந்தப் பத்தி இல்லை, அக்கா. வளைவு பிந்தியிருக்கிறது. கிழக்குப் பக்கம் ஒரு மேடு வேறு இருக்கிறது.

திருகாணி:
கிழக்கு மேடு காலையை வெட்டினால் அதுவும் நடுவைப் பிந்தவைக்கும். இந்தத் தாளை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. லாகர் இன்னும் அங்கே ஓடினால் ஒரு வழி இருக்கிறது. வெயிலடிக்கும் நேரத்தில் போய், யூடிசி காட்டும் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து, முழு மணிக்குச் சரியாக ஒளிமானியைக் கறுப்பு மூடியால் மூடி, அடுத்த அரை மணியில் திறந்துவிடுங்கள். ஒரே ஒரு வரி பூஜ்யத்துக்கு விழுந்தால் அதன் முத்திரை விடை சொல்லும். இரண்டு வரிகள் பாதி பாதியாகக் குறைந்தால் அந்த லாகரின் அரை மணி யூடிசியின் அரை மணியோடு ஒட்டவில்லை, 15 நிமிட மண்டலப் பிசகு உள்ளே இருக்கிறது.

எல்லைமலை:
நேபாள நேரத்தில் சரியாக வைத்திருந்தாலும் 5:45 என்பதால் ஒட்டாதே?

திருகாணி:
ஆமாம், அங்கே பாதி பாதியாக விழுந்தால் நேபாள நேரம், ஒரே வரியில் விழுந்தால் இந்திய நேரம் அல்லது யூடிசி. பிசகு என்று நான் எழுதியது தவறு. மூடிய நேரத்தையும் திறந்த நேரத்தையும் குறிப்பேட்டில் `Z` சேர்த்து எழுதிவிடுங்கள், `2025-02-10T06:00:00Z` என்பது போல.