6 மாதமா, 6000 கிலோமீட்டரா: ரிமைண்டர் போட்டவர்களின் அனுபவங்கள்

குமார், மஞ்சக்குப்பம்

வேலை புதுச்சேரியில். கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாக ஸ்கூட்டரில் போய் வர ஒரு நாளைக்கு 50 கி.மீ. ஆகிவிடுகிறது, ஞாயிறு மட்டும் லீவு. என் வண்டிப் புத்தகத்தில் என்ஜின் ஆயில் மாற்ற 6000 கி.மீ. அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருக்கிறார்கள். போனில் வெறுமனே தேதி வைத்தால் என் ஓட்டத்துக்குச் சரிப்படாது. அதனால் ஒரு ஷீட் போட்டு, இரண்டில் எது முதலில் வரும் என்று அதையே சொல்ல வைத்திருக்கிறேன்.

B2-வில் கடைசியாக ஆயில் மாற்றிய தேதி, C2-வில் அன்றைய மீட்டர் ரீடிங், D2-வில் எத்தனை மாதம், E2-வில் எத்தனை கி.மீ., F2-வில் இப்போதைய ரீடிங், G2-வில் ஒரு நாள் சராசரி ஓட்டம்.

```
=MIN(EDATE(B2,D2), TODAY()+ROUND((C2+E2-F2)/G2,0))
```

பெட்ரோல் போடும்போது ஞாபகம் வந்தால் ரீடிங்கை மாற்றுவேன். தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

செல்வி, முத்தியால்பேட்டை

எங்கள் வீட்டில் கதை நேர் எதிர். அப்பாவின் ஸ்கூட்டர் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும்தான் போகிறது. மாதம் 150 கி.மீ. ஓடினால் பெரிசு. 6 மாதம் முடிந்து ஆயில் மாற்றக் கொண்டுபோனால், பட்டறையில் "900 கிலோமீட்டர்தானேம்மா ஓடியிருக்கு, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். மழைக்காலத்தில் நான் டிப்ஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்தபோது, மூடியின் அடிப்பக்கம் மோர் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பயந்து போய்விட்டேன். அது என்ன?

மணி, திருப்பாதிரிப்புலியூர்

ஆயில் விஷயத்தில் நான் தேதியும் பார்ப்பதில்லை, மீட்டரும் பார்ப்பதில்லை. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பேன். கறுத்திருந்தால் மாற்ற வேண்டும், தேன் நிறத்தில் இருந்தால் இன்னும் ஓட்டலாம். இத்தனை வருஷமாக இப்படித்தான், வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. டிப்ஸ்டிக்கை அடிக்கடி இழுத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும், ரிமைண்டரே வேண்டாம்.

பாலு, வில்லியனூர்

மணி, அடிக்கடி இழுத்துப் பார்ப்பது மிகவும் நல்ல பழக்கம், அளவு குறைந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். நல்ல ஆயில் என்ஜினில் இருக்கும் கரியைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதால் சீக்கிரமே கறுத்துவிடும், அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். செல்வி வீட்டு வண்டியில் ஆயில் தேன் நிறத்திலேயே கெட்டுப் போயிருக்கலாம்.

செல்வி, நீங்கள் பார்த்தது தண்ணீரும் ஆயிலும் கலந்த நுரை. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும், அதில் கொஞ்சம் என்ஜினுக்குள் இறங்கிவிடும். ஒரு இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டினால் ஆயில் சூடேறி அந்த ஈரம் வெளியே போய்விடும். ஒரு கிலோமீட்டர் போய் வண்டியை நிறுத்தினால் அங்கேயே தங்கும். எரியாத பெட்ரோலும் கூடவே கலந்து ஆயிலை நீர்க்க வைக்கும். உங்கள் வண்டி காற்றில் குளிரும் என்ஜின் என்றால் கூலன்ட் கசிகிறதோ என்ற பயம் வேண்டாம், அதில் கூலன்டே கிடையாது. ஆயிலை மாற்றிவிட்டு, வாரம் ஒரு முறை அப்பாவை வில்லியனூர் வரை ஒரு சுற்று போய் வரச் சொல்லுங்கள். புத்தகத்தில் மாதக் கணக்கு போட்டிருப்பதே இந்த மாதிரி வண்டிகளுக்காகத்தான். பட்டறையில் என்ன சொன்னாலும் 6 மாதத்தில் மாற்றிவிடுங்கள். டிஸ்க் பிரேக் இருந்தால் பிரேக் ஆயிலும் அப்படித்தான். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. அதற்கு ரிமைண்டரில் கிலோமீட்டரே தேவையில்லை.

குமார், உங்கள் ஷீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. கணக்குப் போட்டே பார்ப்போம். ஜனவரி 10-ல் 18,200-ல் ஆயில் மாற்றினீர்கள், மார்ச் 1-ல் ரீடிங் 20,300 என்று வையுங்கள். 50 நாளில் 2,100, அதாவது நாளுக்கு 42 கி.மீ. அடுத்தது 24,200-ல். மீதி 3,900, அதை 42-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 93 நாள். ஜூன் 2 வாக்கில் மாற்ற வேண்டும். மாதக் கணக்குப்படி ஜூலை 10. முதலில் வருவது ஜூன் 2, சரியா?

இப்போது ரீடிங்கை மாற்ற மறந்து ஏப்ரல் 15-ல் ஷீட்டைத் திறக்கிறீர்கள். TODAY() அன்றைய தேதியை எடுத்துக்கொள்ளும், மீதி கிலோமீட்டர் மட்டும் பழைய 3,900 ஆகவே இருக்கும். அதனால் ஜூலை 17 என்று வரும். MIN இருப்பதால் ஷீட்டில் தெரிவது ஜூலை 10. ஒவ்வொரு நாளும் கிலோமீட்டர் தேதி தானாகத் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். ஜூலை 10 வரை காத்திருந்தால் 1,600 கி.மீ. அதிகமாக ஓட்டியிருப்பீர்கள், ஷீட் ஒரு வார்த்தை சொல்லாது. ரீடிங் எடுத்த தேதியை H2-வில் எழுதி இப்படி மாற்றுங்கள்:

```
=MIN(EDATE(B2,D2), H2+ROUND((C2+E2-F2)/G2,0))
```

இப்போது ரீடிங்கை மறந்தாலும் ஜூன் 2 என்று அப்படியே நிற்கும். லீவு போட்டு ஓட்டம் குறைந்தால் கொஞ்சம் முன்னாலேயே கூப்பிடும், அதனால் கெடுதல் இல்லை.

இன்னொன்று, கேலண்டரில் 6 மாதத்துக்கு ஒரு முறை தானாக வருகிற மாதிரி போடாதீர்கள். ஒரு மாதம் தாமதமாக மாற்றினால் அடுத்ததை மாற்றிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், கேலண்டர் பழைய தேதியிலேயே நிற்கும். ஃப்ரீ சர்வீஸ் கூப்பன் மட்டும் இதற்கு விலக்கு. அதில் வண்டி வாங்கிய நாளிலிருந்து கணக்கு, போன சர்வீஸ் எப்போது என்பது பொருட்டில்லை.

குமார், மஞ்சக்குப்பம்

அண்ணா, H2 போட்டுவிட்டேன், தேதி இப்போது நகரவில்லை. G2-வை எப்படி வைப்பது? மார்கழியில் ஒரு மாதிரி, மே மாதத்தில் ஒரு மாதிரி ஓடுகிறது.

பாலு, வில்லியனூர்

கடைசி இரண்டு ரீடிங்குக்கு நடுவில் உள்ளதை எடுங்கள். வருஷ சராசரி எடுத்தால் மெதுவாகத்தான் திருந்தும்.

வனிதா, லாஸ்பேட்டை

நடுவில் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். எங்கள் வீட்டு ஆர்.ஓ.வுக்குக் கிலோமீட்டர் கிடையாதே, அதற்கு எதை வைத்து ரிமைண்டர் போடுவது? சர்வீஸ்காரர் வருஷா வருஷம் வந்து மெம்பிரேன் போய்விட்டது என்கிறார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மேல் வீட்டில் ஆறு பேர், அவர்களுக்கும் அதே வருஷக் கணக்குதான்.

பாலு, வில்லியனூர்

வண்டிக்குக் கிலோமீட்டர் என்றால் ஆர்.ஓ.வுக்கு எத்தனை லிட்டர் ஓடியது, எவ்வளவு உப்பான தண்ணீர் ஓடியது என்பதுதான் கணக்கு. அதை எண்ண மீட்டர் இல்லை. அதனால் "மாற்று" என்று ரிமைண்டர் போடாமல் "அள" என்று போடுங்கள். சின்ன டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி, மாதம் ஒரு நாள் உள்ளே போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டையும் அளந்து எழுதுங்கள். உள்ளே 1,200, வெளியே 80 என்றால் மெம்பிரேன் நன்றாக இருக்கிறது. உள்ளே அதே 1,200 இருக்க, வெளியே மாதா மாதம் ஏறி 250, 300 என்று போனால் அவர் சொல்வது சரி. டி.டி.எஸ். கூட்டும் திருகு யாராவது திருப்பியிருந்தாலும் எண் ஏறும், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

செல்வி, முத்தியால்பேட்டை

எங்கள் ஏ.சி. வெளி யூனிட்டுக்கும் இப்படி அளக்க ஏதாவது இருக்கிறதா? கடல் பக்கம் என்பதால் இரண்டே வருஷத்தில் பின்பக்கத் தகடு பொடிப்பொடியாக உதிர்கிறது.

மணி, திருப்பாதிரிப்புலியூர்

அளக்கத் தெரியாது. நான் மாதம் ஒரு முறை பவரை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுகிறேன். போர் தண்ணீர் வேண்டாம், அதிலும் உப்பு இருக்கிறது.

பாலு, வில்லியனூர்

கழுவுவது சரிதான், மாதம் ஒரு முறை போதுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். கடலைப் பார்த்த மொட்டை மாடியும் தெருவுக்குள் இருக்கும் சுவரும் ஒன்றில்லை. செல்வி, உங்கள் யூனிட் எந்தத் திசை பார்த்து இருக்கிறது?