44ஏஇ-யில் கணக்குக் காட்டியும் வாடகை வருமானம் கேட்டு நோட்டீஸ்: டீசல் பில் அனுப்பலாமா?

ராயக்கோட்டை லோடு: அவசரம். வருமான வரியிலிருந்து 142(1) நோட்டீஸ். வருமான வரித்துறையின் வருடாந்திரத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-இல் 31 லட்சம் வாடகை வரவு இருக்கிறதாம், நான் காட்டிய வருமானம் 2,38,000 மட்டும் ஏன் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். டிரிப் ஷீட், டீசல் பில் எல்லாம் ஒரு பை நிறைய இருக்கிறது. ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் முடிந்துவிடுமா? நாலு நாள்தான் இருக்கிறது.

பாலக்கோடு குமார்: எத்தனை வண்டி, என்ன வண்டி, எப்போது வாங்கியது? அதைச் சொல்லாமல் எப்படிங்க பதில் சொல்வது?

வரிக்கணக்கு வேலு: 44ஏஇ-யில் நிஜ வரவு செலவு பார்க்காமல் சரக்கு வண்டிக்கு மாதம் 7,500 வருமானம் என்று காட்டலாம். பத்து வண்டிக்குள் இருந்தால் அவ்வளவுதான். 31 லட்சம் வந்தால் என்ன, 60 லட்சம் வந்தால் என்ன? ஒரே வரியில் பதில் எழுதுங்கள்.

ஓசூர் ஆடிட்டர்: வேலு, ஆறு வருடத்துக்கும் மேலாக மாறிப்போன சட்டத்தை இன்னும் சொல்கிறீர்கள். இங்கே பதில் எழுதுமுன் பிரிவை ஒருமுறை படித்தால் நல்லது. மொத்த எடை 12,000 கிலோவைத் தாண்டிய வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைதான் கணக்கு, ஏற்றும் பாரம் அல்ல. 7,500 சின்ன வண்டிக்கு மட்டும்.

ராயக்கோட்டை லோடு: மன்னிக்கவும் சார். இரண்டு வண்டி. சின்னது வருடம் முழுக்க. பெரியது ஆகஸ்ட் 20-இல் வாங்கினேன், ஆர்.சி.யில் 18,500 கிலோ.

ஓசூர் ஆடிட்டர்: சின்னது 90,000. பெரியது 18.5 டன், ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை 8 மாதம், 1,48,000. மாதத்தில் சில நாள் வைத்திருந்தாலும் முழு மாதம்தான். கூட்டினால் 2,38,000. உங்கள் கணக்கு சரி.

தொப்பூர் செல்வம்: என் வண்டி இன்ஜின் வேலைக்கு மூன்று மாதம் பட்டறையில் நின்றது. அதற்கும் கட்டணுமா?

ஓசூர் ஆடிட்டர்: உங்கள் பெயரில் இருந்தால் அந்த மாதங்களும் சேரும். லோடு, கேள்வி வேறு. அந்த 31 லட்சமும் இந்த இரண்டு வண்டி ஓடியதுதானா?

ராயக்கோட்டை லோடு: பெரும்பாலும். சீசனில் வண்டி பத்தாது. மச்சான் வண்டியிலும் இன்னொரு வெளி வண்டியிலும் ஓசூர் கம்பெனி லோடு அனுப்பினேன். பணம் என் பெயருக்கு வந்தது. 4.4 லட்சம் இருக்கும். 4.15 லட்சத்தை பேங்க் மூலமாகவே அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஓசூர் ஆடிட்டர்: இதுதான் விஷயம். 44ஏஇ சொந்த வண்டிக்கு மட்டும். தவணையில் வாங்கியதும் சொந்த வண்டிதான். வெளி வண்டிக்கு வந்த 4.4 லட்சத்தை இந்தக் கணக்குக்குள் மறைத்தால், அது முழுவதும் காட்டாத வருமானம் என்று சேர்க்க வழி கொடுக்கிறீர்கள். தனியாகப் பிரித்து, கொடுத்த 4.15 லட்சத்துக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் வைத்து, மீதி 25,000-ஐ உங்கள் வருமானமாகச் சொல்லுங்கள். மிச்சம் 26.6 லட்சத்துக்கு டிரிப் ஷீட்டிலிருந்து ஒரு பட்டியல் போடுங்கள்: தேதி, வண்டி எண், எங்கிருந்து எங்கே, யார் வாடகை தந்தார்கள், எவ்வளவு. கம்பெனி லோடுக்கு ஈ-வே பில்லின் இரண்டாம் பகுதியில் வண்டி எண் இருக்கும்.

பாலக்கோடு குமார்: தக்காளி லோடுக்கு ஈ-வே பில் கிடையாதே.

ஓசூர் ஆடிட்டர்: அதற்கு ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட். டோலில் வண்டி கடந்த நேரமும் டிரிப் தேதியும் பொருந்த வேண்டும்.

வரிக்கணக்கு வேலு: டீசல் பில் எல்லாம் கொடுங்கள். செலவு தெரிந்தால்தானே லாபம் இவ்வளவுதான் என்று நம்புவார்கள்?

ஓசூர் ஆடிட்டர்: கூடாது. செலவெல்லாம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்தத் தொகை அல்லது நிஜமாகச் சம்பாதித்ததாக நீங்களே சொல்லும் தொகை, இதில் எது அதிகமோ அதுதான் வருமானம். வாடகை இவ்வளவு, டீசல் இவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் லாபக் கணக்கை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அப்புறம் 7 லட்சம் மிஞ்சியதே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பாலக்கோடு குமார்: முழுக்க விடவும் வேண்டாம் சார். வண்டி எண் எழுதிய பில் இருந்தால், அன்று அந்த வண்டி அந்த ரூட்டில் ஓடியதற்கு சாட்சி. ஃபாஸ்டேக்கில் விட்டுப்போன டிரிப்புக்கு மட்டும் சிலதை வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்தேன். ஆனால் கூட்டுத்தொகை போடவில்லை. கிலோமீட்டருக்கும் லிட்டருக்கும் ஒத்துவராத பில்லை வைத்தால் அடுத்த கேள்வி வரும்.

ஓசூர் ஆடிட்டர்: அது சரி. ஓடியதற்கு ஆதாரமாக, செலவுக்காக அல்ல என்று பதிலில் எழுதிவிட வேண்டும்.

வரிக்கணக்கு வேலு: அந்த 4.4 லட்சத்துக்கு, சிறு வியாபாரத்துக்கான 44ஏடி பிரிவில் வரவில் 6 சதவீதத்தை வருமானமாகக் காட்டினால் போதாதா? 26,400 வருகிறது, கிட்டத்தட்ட அதே தொகை.

ஓசூர் ஆடிட்டர்: கமிஷனுக்கு 44ஏடி கிடையாது.

வரிக்கணக்கு வேலு: இது கமிஷன் இல்லை சார். கம்பெனியிடம் லோடை ஒப்புக்கொண்டது இவர். வண்டி கவிழ்ந்தால் பொறுப்பும் இவருக்குத்தான்.

ஓசூர் ஆடிட்டர்: கம்பெனியின் ஆர்டரில் யார் பெயர், லோடுக்கான ரசீதான எல்.ஆர். யார் போட்டது என்று பார்த்தால்தான் சொல்ல முடியும். இரண்டு பக்கமும் வாதம் உண்டு.

ராயக்கோட்டை லோடு: மூன்று நாள் அவகாசம் கேட்டு வாங்கி, நேற்று இரவு ஏற்றிவிட்டேன். ஆர்.சி. இரண்டும், டிரிப் பட்டியல், ஃபாஸ்டேக், வெளி வண்டிக்குக் கொடுத்த பேங்க் வரவு செலவு. டீசல் பில் ஏழெட்டு மட்டும். 25,000-ஐத் தனியாக எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை. நன்றி அண்ணா எல்லோருக்கும்.

தொப்பூர் செல்வம்: பட்டறையில் நின்றதற்கு பில் இருந்தாலும் கழிக்க முடியாதா?