உதவி தேவை: ஆய்வுப் பத்தியை மற்ற துறைக்காரர்களுக்குப் புரியும்படி மாற்றணும், அவசரம்

சிப்பூட்_தேன்மொழி
வணக்கம். செம்பனை மரத்துல வர்ற அடித்தண்டு அழுகல் நோயைப் பத்தின கீழே உள்ள பத்தியை எளிமையாக்கணும், ஆனா துல்லியம் போகக்கூடாதுன்னு ஆசிரியர் திருப்பி அனுப்பிட்டார். நானும் மாத்தி மாத்தி எழுதிப் பார்க்கிறேன். எளிமையாக்கினா தப்பாகுது, சரியா எழுதினா யாருக்கும் புரியல. நாளைக்கு அனுப்பணும்.

"பிளாக்கைச் சமவாய்ப்பு வெட்டாகக் கொண்ட கலப்பு விளைவு லாஜிஸ்டிக் மாதிரியில், மறுநடவின்போது அடிக்கட்டை அகற்றப்படாமை அடித்தண்டு அழுகலுடன் புள்ளியியல் முக்கியத்துவம் வாய்ந்த தொடர்பைக் காட்டியது (மர வயது, மண் வகைக்குச் சரிசெய்த ஆட்ஸ் விகிதம் 2.4, 95% நம்பிக்கை இடைவெளி 1.3–4.4; p = 0.005)."

முத்து_கங்சார்
இதுல என்னம்மா கஷ்டம்? "கட்டையை எடுக்காத இடத்துல நோய் வர 2.4 மடங்கு அதிக வாய்ப்பு"ன்னு எழுதுங்க. மிச்சத்தை அட்டவணைக்குத் தள்ளிடுங்க. ஒரே வரியில முடிஞ்சது.

முன்னாள்_கிராணி
கட்டையை எடுக்காம விட்டா அந்த அழுகலை உண்டாக்குற கானோடெர்மா பூஞ்சை வரத்தான் செய்யும். மறுநடவுக்கு முன்னால எக்ஸ்கவேட்டர் வச்சு அடிக்கிழங்கையும் வேரையும் சேர்த்துத் தோண்டி எடுக்கணும், மேல் தண்டை மட்டும் சீவினா போதாது. உங்க தோட்டத்துல எத்தனை ஏக்கர்? மண் களியா?

சிப்பூட்_தேன்மொழி
ஐயா, தோட்டத்துக்கு வழி கேட்கல, எழுதுறதுக்குத்தான் உதவி கேட்கிறேன்.

நளினி_தாப்பா
தேன்மொழி, மூணு விஷயம் சொல்லாம யாரும் உதவ முடியாது. படிக்கப்போறது யார்? கட்டை எடுத்த இடத்துல நூத்துக்கு எத்தனை மரம் நோயுற்றது? "நோய்"னு எதை வச்சு முடிவு பண்ணீங்க: தூர்ல காளான் பூத்ததையா, விரியாத குருத்தையா, தண்டை வெட்டிப் பார்த்தா?

பேராக்_புள்ளியியல்
முத்து சொன்னது பிழை. ஆட்ஸ் வேறு, நிகழ்தகவு வேறு. இது முதுகலை முதல் பருவப் பாடம். இதைத் தெரியாமல் கலப்பு மாதிரி ஓட்டுபவர்கள் இப்போது நிறையப் பேர்.

சிப்பூட்_தேன்மொழி
வரலாறு, சமூகவியல், தாவரவியல், பொருளியல் எல்லாரும் படிக்கிற கருத்தரங்கத் தொகுப்பு. கட்டை எடுத்த நிலத்துல நூத்துக்கு 30 மரம்.

நளினி_தாப்பா
30ன்னா முத்து அண்ணனோட வரி நிச்சயமா தப்பாகும். கணக்கைப் போட்டுப் பாருங்க. நூத்துக்கு 30 நோய்னா, நோயுற்றது 30, நல்லது 70. ரெண்டையும் வகுத்தா 0.43, இதுதான் ஆட்ஸ். இதை 2.4ஆல பெருக்கினா 1.03. திரும்ப நூத்துக்கு மாத்தினா 51. ஆக 30லேருந்து 51க்குப் போகுது. அது 1.7 மடங்கு. 2.4 மடங்குன்னு படிச்ச வரலாற்றுக்காரர் 72 மரம்னு நினைச்சுக்குவார்.

நோய் அபூர்வமா இருந்தா இந்தச் சிக்கல் பெருசாத் தெரியாது. நூத்துக்கு 2 மரம்தான்னா, அதே 2.4 அதை 4.7 ஆக்கும். அது ஏறக்குறைய 2.4 மடங்குதான். அதனாலதான் "மடங்கு"ன்னு எழுதுற பழக்கம் சில துறையில தப்பா தெரியாம ஓடிக்கிட்டிருக்கு. உங்க பிளாக்குல நோய் அபூர்வமில்லை.

இடைவெளியோட ரெண்டு முனைக்கும் இதே கணக்குத்தான்: 1.3க்கு 36 மரம், 4.4க்கு 65 மரம். எழுதும்போது "உண்மையான அளவு இதுக்குள்ள இருக்க 95% வாய்ப்பு"ன்னு போட்டுடாதீங்க, அந்த இடைவெளி சொல்றது அது இல்ல. "36 முதல் 65 வரையான அளவுகளோடு நம் தரவு பொருந்துகிறது"ன்னு எழுதலாம்.

முத்து_கங்சார்
சரிம்மா, 2.4 மடங்கை விட்டுடறேன். ஆனா p-ஐ ஏன் வச்சிருக்கணும்? "முக்கியத்துவம் வாய்ந்த"னு படிச்சா சமூகவியல்காரங்க "பெரிய விளைவு"ன்னுதான் எடுத்துக்குவாங்க.

பேராக்_புள்ளியியல்
p இல்லாத பத்தியைத் தாவரவியல் மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பிவிடுவார். இருக்கட்டும்.

நளினி_தாப்பா
முத்து அண்ணன் இதுல சரி. இடைவெளி 1ஐத் தொடலைன்னாலே p சொல்ற சேதி அதுல வந்துடுது. எண்ணை அட்டவணையில வைங்க, "முக்கியத்துவம்"கிற சொல்லை உடம்புப் பகுதியிலிருந்து எடுத்துடுங்க.

முன்னாள்_கிராணி
எழுத்து விஷயம்தான்னாலும் ஒண்ணு சொல்லிடறேன். கரையோரத் தோட்டத்துல நோய் எப்பவும் ஜாஸ்தி, உள்நிலப் பக்கம் கட்டையை விட்டாலும் கம்மிதான். அப்புறம் கட்டையை மட்டும் குத்தம் சொன்னா எப்படி?

வாசு_பாகான்செராய்
அண்ணே, அது பழைய காலக் கணக்கு. கரையோர வண்டல்லதான் முதல்ல பெருசாத் தெரிஞ்சது, உண்மைதான். பிறகு உள்நிலத்துலயும் கரிமண்லயும் வந்துடுச்சே.

முன்னாள்_கிராணி
வந்தது தெரியும் தம்பி. அளவு ஒண்ணா? அதைச் சொல்லு.

வாசு_பாகான்செராய்
அளவு இடத்துக்கு இடம் மாறும்ணே, மறுநடவு எத்தனாவது தடவைங்கிறதும் சேரும். தென்னை இருந்த நிலமான்னும் பார்க்கணும்.

நளினி_தாப்பா
நீங்க ரெண்டு பேரும் பேசுறதுதான் அந்தப் பத்தியோட முதல் பாதி! பிளாக்குக்குப் பிளாக் நோய் அளவு மாறுதுன்னுதான் "பிளாக்கைச் சமவாய்ப்பு வெட்டாக"ன்னு மாதிரியில போட்டிருக்காங்க. அதை வெறும் அலங்காரம்னு வெட்டிட்டா, கிராணி ஐயா கேட்ட அதே கேள்வியை ஒவ்வொரு வாசகரும் கேட்பார். "ஒரே பிளாக்கிற்குள், ஒரே வயதும் ஒரே மண் வகையும் உள்ள மரங்களை ஒப்பிட்டால்"னு எழுதுங்க. மூணு கலைச்சொல்லும் போயிடும், சேதி நிக்கும்.

இன்னொண்ணு. நான் மேல போட்ட 51, நோய் அளவு 30 உள்ள ஒரு பிளாக்குக்கான கைக்கணக்கு. எல்லாப் பிளாக்கையும் சேர்த்த சராசரி வேணும்னா மாதிரியே சொல்லட்டும். R-ல `glmer` வச்சுத்தானே ஓட்டினீங்க? கட்டை மாறி 0/1 ஆக இருந்தா:

```
yes <- transform(d, stump = 1)
no  <- transform(d, stump = 0)
mean(predict(m, yes, type = "response"))
mean(predict(m, no,  type = "response"))
```

எல்லா மரத்துக்கும் "கட்டை இருந்தா", "கட்டை இல்லாட்டி"ன்னு ரெண்டு தடவை கணிச்சுச் சராசரி எடுக்குது. வித்தியாசம் கைக்கணக்கை விடக் கொஞ்சம் சுருங்கி வரும், பயப்படாதீங்க. நோய் மிக அதிகமான பிளாக்குலயும் மிகக் குறைவான பிளாக்குலயும் ஏற இடம் கம்மி, அதான் காரணம். இதுக்கான இடைவெளியை `bootMer` வச்சு எடுக்கணும். மேல சொன்ன 36–65ஐ இதோட ஒட்டிடாதீங்க.

பேராக்_புள்ளியியல்
"கட்டை இருந்தால் நோய் கூடுகிறது" என்று எழுதிவிடாதீர்கள். இது கண்காணிப்பு ஆய்வு. கட்டையை அகற்றாத மேலாளர் வடிகாலையும் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

நளினி_தாப்பா
ஒத்துக்கிறேன். "காணப்பட்டது"ன்னு முடிச்சா போதும்.

சிப்பூட்_தேன்மொழி
ஓட்டிட்டேன். 48, 31 வந்துச்சு. இப்படி எழுதியிருக்கேன்:

"ஒரே பிளாக்கிற்குள், ஒரே வயதும் மண் வகையும் உள்ள மரங்களை ஒப்பிட்டால், மறுநடவின்போது அடிக்கட்டை அகற்றப்படாத நிலத்தில் அடித்தண்டு அழுகல் கூடுதலாகக் காணப்பட்டது. மாதிரியின் கணிப்பில், கட்டை அகற்றிய நிலத்தில் நூற்றுக்கு 31 மரங்களும் அகற்றாத நிலத்தில் 48 மரங்களும் நோயுற்றிருக்கும். வடிகால் போன்று நாம் அளக்காத காரணங்களும் இதில் கலந்திருக்கலாம். (ஆட்ஸ் விகிதம் 2.4, 95% நம்பிக்கை இடைவெளி 1.3–4.4.)"

bootMer இப்ப ஓடுது. நன்றி எல்லாருக்கும்.

நளினி_தாப்பா
நல்லா வந்திருக்கு. அடைப்புக்குறிக்குள்ள ஆட்ஸை விட்டுவச்சது சரி, மத்த ஆய்வோட ஒப்பிடுறவங்களுக்கு அது வேணும். ஆனா "நோயுற்ற"துன்னா என்னன்னு இன்னும் சொல்லல. தூர்ல காளான் பூத்த மரத்தை மட்டும் எண்ணியிருந்தா, உள்ளுக்குள்ள அழுகிக்கிட்டிருக்கிற மரம் கணக்குல வராது. முதிர்ந்த மரத்துல ஓலையில அறிகுறி தெரியும்போதே அடித்தண்டு பாதி செத்திருக்கும். அந்த 31ம் 48ம் அதனால கீழ்மட்ட அளவாகிடும். ஒரு அரை வரி போதும்: "அடித்தண்டில் காளான் தென்பட்ட மரங்கள்". எப்படி எண்ணினீங்க?

முத்து_கங்சார்
p-ஐ எடுத்துட்டாங்க போல. மதிப்பீட்டாளர் என்ன சொல்றார்னு வந்து எழுதும்மா.

நளினி_தாப்பா
தேன்மொழி, எண்ணின முறை?